பில்லைத் தேட வேண்டாம், பழுதான பொருளைப் பத்திரப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி பதில் பகுதியில் வந்த ஒரு பதிலைத் திருத்த வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். சலவை இயந்திரத்தின் கதவு, டிரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே திறந்துகொண்டதால் கையில் அடிபட்ட வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இயந்திரம் நண்பர் தந்த பரிசு. பில் அவரிடம் இல்லை. "உங்களுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இல்லாததால் இழப்பீடு கேட்க வழியில்லை" என்று பதில் தரப்பட்டிருந்தது.

இயந்திரம் ஓடவில்லை, மாற்றித் தாருங்கள் என்று கேட்பதானால் அந்தப் பதில் சரி. அது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள கணக்கு. ஆனால் இங்கே அடிபட்டது ஒருவரின் கை. அதற்குச் சட்டத்தில் வேறொரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் யாரும் பில் கேட்பதில்லை.

1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஜிஞ்சர் பீர் பாட்டில் வழக்கிலேயே வாங்கியவர் வேறு, குடித்தவர் வேறு. வாங்கித் தந்தவர் தோழி. பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்தது என்பது குடித்தவரின் புகார். கடைசியில் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்மீது தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று அன்றே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தொழிற்சாலையில் யாரோ அசட்டையாக இருந்தார்கள் என்று காயமடைந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். தொழிற்சாலை வாசலையே பார்த்திராதவர் இதை எப்படி நிரூபிப்பார்?

அந்தச் சுமையை இறக்கிவைத்தது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், 1963-இல், கிரீன்மேன் எதிர் யூபா பவர் புராடக்ட்ஸ் வழக்கில். 1955 கிறிஸ்துமஸுக்கு மனைவி கணவருக்கு ஒரு மின்மரவேலைக் கருவியைப் பரிசளித்தார். 1957-இல் கணவர் கூடுதல் பாகங்களை வாங்கிப் பொருத்தி, அதைக் கடைசல் இயந்திரமாகப் பயன்படுத்தினார். சில முறை எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள் சுழன்றுகொண்டிருந்த மரத்துண்டு தெறித்து வந்து அவர் நெற்றியில் அடித்தது. பாகங்களைப் பிடித்து வைத்திருந்த திருகுகள் போதிய வலுவுடையவை அல்ல. இயந்திரத்தின் வழக்கமான அதிர்விலேயே மரத்தைத் தாங்கும் முனை நகர்ந்து மரத்தை விட்டுவிட்டது. இன்னும் உறுதியாக இறுக்கும் முறைகள் இருந்தன என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள்.

அவர் ஏறத்தாழ பத்தரை மாதம் கழித்தே எழுத்தில் புகார் கொடுத்தார். உத்தரவாதம் மீறப்பட்டால் உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர் கையில் எடுத்தார். நீதிபதி டிரெய்னர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அந்த விதி வியாபாரிகளுக்குள் பொருந்தலாம். தான் நேரில் கொடுக்கல் வாங்கல் வைத்திராத தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று காயமடைந்தவருக்கு எப்படித் தெரியும்? பிரித்துச் சோதிக்காமல்தான் மக்கள் பயன்படுத்துவார்கள் என்று அறிந்தே ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், அதன் குறைபாடு ஒரு மனிதரைக் காயப்படுத்தினால் பொறுப்பேற்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அசட்டையை நிரூபிக்கத் தேவையில்லை, ஒப்பந்தமும் தேவையில்லை. 65,000 டாலர் இழப்பீடு உறுதியானது. ஐரோப்பிய நாடுகள் 1985-இல் ஒரு பொது நெறியாணையாகவே இதே கொள்கையை ஏற்றன. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது.

அப்படியானால் காயமடைந்தவர் எதைத்தான் நிரூபிக்க வேண்டும்? பொருளில் குறைபாடு இருந்தது, காயம் ஏற்பட்டது, அந்தக் குறைபாட்டால்தான் காயம் ஏற்பட்டது என்பவற்றை. இதற்கான சாட்சி அந்தப் பொருள்தான். வழக்குகள் பெரும்பாலும் கைநழுவிப் போவதும் இந்த இடத்தில்தான். நான் வழக்கறிஞர் அல்லன். மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்குக் காரணம் இருக்கிறது.

என் அக்காள் மகளுக்கு ஒரு தோழி மின் இஸ்திரிப் பெட்டி பரிசளித்திருந்தாள். பதினோராவது மாதத்தில் அதன் உலோகப் பகுதியில் கைபட்டு மின்சாரம் தாக்கியது. கையை விடுவிக்க முடியாமல் துடித்து விழுந்ததில் முழங்கை எலும்பு முறிந்தது. மறுநாளே நிறுவனத்தின் சேவை ஆள் வந்தார். பழைய பெட்டியைக் கொடுத்தால் புதிது தருவதாகச் சொன்னார். அவளும் கொடுக்கத்தான் இருந்தாள். நான் தடுத்தேன். பெட்டியை அப்படியே படம் பிடித்து, துணிப்பையில் இட்டுத் தைத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு முத்திரையிட்டோம்.

பின்னர் அதைச் சாட்சிகள் முன்னிலையில் சோதனைக்கூடத்தில் பிரித்தபோது உண்மை தெரிந்தது. வயர் உள்ளே நுழையும் இடத்தில் அதைப் பிடித்து வைக்கும் கிளாம்பின் பிளாஸ்டிக் தூண் விரிசல் விட்டிருந்தது. இழுபடும்போதெல்லாம் வயர் சிறிது சிறிதாக வெளியே வந்திருக்கிறது. உள்ளே எர்த் கம்பி மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. பிடி நழுவினால் ஃபேஸ் கம்பி முதலில் கழல வேண்டும், எர்த் கடைசியில் கழல வேண்டும். இதிலோ எர்த் கம்பிதான் மிகக் குட்டை. அது முதலில் கழன்றது. பெட்டி வழக்கம்போலச் சூடேறியதால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஃபேஸ் கழன்று உலோக உடலைத் தொட்டது. எர்த் இல்லாததால் பியூஸ் போகவில்லை. மின்சாரம் அவள் கைவழியே பாய்ந்தது.

"நீங்களே பிரித்துப் பார்த்திருப்பீர்கள், வயரை முறுக்கியிருப்பீர்கள்" என்பதுதான் நிறுவனத்தின் முதல் பதில். திருகுகளின் தலையில் ஸ்குரூ டிரைவர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. வயரில் இன்சுலேஷன் டேப் இல்லை, ஒட்டு இல்லை. அதே மாடலில், அதே மாதத் தயாரிப்பில் இன்னொரு பெட்டியை வாங்கிச் சாட்சிகள் முன் பிரித்தோம். அதிலும் எர்த் கம்பி குட்டைதான். ஒரு பெட்டியில் நேர்ந்தால் தொழிலாளியின் கைத்தவறு எனலாம்; இரண்டிலும் இருந்தால் அது தயாரிப்பு முறையிலேயே உள்ள கோளாறு. அறிக்கை போனபின் மருத்துவச் செலவையும் அவள் வேலைக்குப் போகாத நான்கு மாத ஊதியத்தையும் நிறுவனம் கொடுத்தது. பில் யார் பெயரில் என்ற கேள்வி அதற்குப் பிறகு எழவே இல்லை.

முதல் நாளே புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்திருந்தால், குட்டைக் கம்பி இருந்தது என்று இன்று யாரிடம் காட்டியிருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு எல்லைகளும் உண்டு. அந்த இஸ்திரிப் பெட்டியின் விலையை இந்த வழியில் கேட்க முடியாது. பொருளுக்கே நேர்ந்த நட்டம் பெரும்பாலான நாடுகளில் ஒப்பந்தக் கணக்கில்தான் சேரும். நாமே வயரை மாற்றி ஒட்டுப்போட்டிருந்தால் வழக்கு வலுவிழக்கும். காலக்கெடுவும் உண்டு. ஐரோப்பாவின் 1985 நெறியாணை, பாதிப்பும் குறைபாடும் தயாரிப்பாளர் யார் என்பதும் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டும், பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டும் என்று வரம்பு வைத்தது. மற்ற நாடுகளில் கணக்கு மாறும்.

உங்களிடம் கேள்வி கேட்ட வாசகரின் இயந்திரம் இன்னும் அவர் வீட்டிலேயே இருக்கலாம். சலவை இயந்திரத்தில் டிரம் நிற்கும்வரை கதவு திறக்காதபடி பூட்டு ஒன்று உண்டு. அது ஏன் திறந்தது என்பதற்கான விடை அந்தப் பூட்டுக்குள் இருக்கிறது. பழுதுபார்க்கவோ மாற்றிக்கொள்ளவோ அதைக் கொடுத்துவிட வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்