தொடக்க வகுப்புக் கணக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காசிமேட்டில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை 34 பிள்ளைகள் வருகிறார்கள். வெவ்வேறு பள்ளிகள் என்பதால் பையிலிருந்து வெளியே வரும் பயிற்சித்தாள்களும் வெவ்வேறு. ஆனால் 'தகவல் செயலாக்கம்' பாடம் வந்துவிட்டால் எல்லாத் தாள்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. பட்டை வரைபடத்துக்கான இரண்டு அச்சுகளும் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். செங்குத்து அச்சில் 0, 10, 20, 30 என்று எண்களும் எழுதப்பட்டிருக்கும். 'அளவுத்திட்டம்: 1 கட்டம் = 10 மாணவர்கள்' என்பதும் மூலையில் இருக்கும். தரவுகளும் 20, 40, 30 என்று கோட்டின் மேலேயே வந்து உட்காரும். பிள்ளைக்கு மிச்சம் வைத்திருப்பது கலர் பென்சிலால் நிரப்புகிற வேலை மட்டும்.

இதனால் என்ன ஆகிறது என்பதை இந்த ஆண்டுதான் நேரில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நம் வகுப்பில் இருக்கும் 34 பேரும் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். நேர்க்கோட்டுக் குறி போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, ஒழுங்காகவே எண்ணி வந்தார்கள். நடந்து போகிறவர்கள் 17 பேர், வீட்டு பைக்கில் 6, ஷேர் ஆட்டோவில் 6, சைக்கிளில் 4, பஸ்ஸில் ஒருவர். பிறகு வெறும் கட்டத்தாளைக் கொடுத்துப் பட்டை வரைபடம் வரையச் சொன்னேன்.

பயிற்சித்தாளில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிற ஒரு பெண்பிள்ளை, அளவுகோல் வைத்துப் பிசிறில்லாமல் அச்சுகளைப் போட்டாள். செங்குத்து அச்சில் கீழேயிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண்ணாக 0, 1, 4, 6, 17 என்று எழுதினாள். எந்தெந்த எண் வந்ததோ அதை மட்டும், சம இடைவெளியில். பஸ்ஸுக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு இரண்டு, ஆட்டோவுக்கும் பைக்குக்கும் மும்மூன்று, நடைக்கு நான்கு. பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்து, "படிக்கட்டு மாதிரி இருக்குடி" என்றான். அவள் முகம் சுருங்கியது. ஆனால் எது தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் எழுதிய ஒவ்வோர் எண்ணும் சரி.

தப்பு எண்ணில் இல்லை, இடைவெளியில். 1க்கும் 4க்கும் நடுவே ஒரு கட்டம், 6க்கும் 17க்கும் நடுவேயும் அதே ஒரு கட்டம். மூன்று பேர் வித்தியாசத்துக்கும் பதினொரு பேர் வித்தியாசத்துக்கும் ஒரே உயரம் என்றால் பட்டையைப் பார்த்து எதையும் ஒப்பிட முடியாது. இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். "ஒரு கட்டம் ஏறினா எத்தனை பேர் கூடுறாங்க? எல்லா இடத்திலயும் அதேதானா?" அவளிடம் கேட்டேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக ஏறினாள். மூன்று, இரண்டு, பதினொன்று என்று சொல்லும்போதே ரப்பரை எடுத்துவிட்டாள்.

பயிற்சித்தாளில் இந்தத் தவறு வெளியே வரவே வராது, அளவுத்திட்டத்தை நீங்களே போட்டுவிட்டதால். தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள். அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பாடத்தின் கணக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கணக்கும் ஐந்தாம் வகுப்புக்குக் கடினமானதல்ல. தாளில் 10 கட்ட உயரம் இருக்கிறது, பெரிய எண் 17. ஒரு கட்டம் ஒருவர் என்றால் தாளுக்கு மேலே போய்விடும். இரண்டு பேர் என்றால் 20 வரை இடம் இருக்கிறது. ஐந்து பேர் என்றாலும் அடங்கும், ஆனால் 4க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் அரைக் கட்டம்கூட வராது, வரையவும் முடியாது, பார்க்கவும் தெரியாது. ஆகவே இரண்டு. அப்போது 17 எட்டரைக் கட்டம், பஸ்ஸில் போகும் ஒருவர் அரைக் கட்டம். கோட்டில் உட்காராத எண்ணைக் கோட்டுக்கு நடுவே வைக்கப் பிள்ளை பழகுவது இங்கேதான். 20, 40, 30 என்றே கொடுத்தால் அதற்கு வாய்ப்பே இல்லை.

தலைப்பைப் பற்றி ஒன்று மட்டும். 'தலைப்பு: ______' என்று நீங்கள் விடுகிற கோட்டில் பாதிப் பேர் 'பட்டை வரைபடம்' என்று எழுதுகிறார்கள். யாரிடம், என்ன கேட்டோம் என்பது அதில் வர வேண்டும் என்று தாளிலேயே கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கடைசியில் எழுதியது: 'மாலை வகுப்புப் பிள்ளைகள் 34 பேர் பள்ளிக்குப் போகும் விதம்'. அந்த 34 என்ற எண் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்து வட்ட விளக்கப்படத்துக்குப் போனபோது தெரிந்தது.

உங்கள் தாள்களில் வட்ட விளக்கப்படத்துக்கு வருகிற மொத்தம் பெரும்பாலும் 36 அல்லது 40. ஏன் என்று புரிகிறது. ஆளுக்கு 10 பாகை அல்லது 9 பாகை என்று வட்டம் அழகாக மூடிக்கொள்ளும். எங்கள் 34 பேருக்கு அது நடக்காது. ஆளுக்குப் பத்தரைப் பாகைக்குச் சற்று மேல். ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக்கினால் 180, 64, 64, 42, 11. கூட்டிப் பாருங்கள், 361 வரும். வட்டத்தில் இடம் இருப்பது 360க்குத்தான். பாகைமானியை இப்போதுதான் கையில் எடுக்கிற பிள்ளையிடம் இதை எப்படி விளக்குவது?

அதற்குப் பாகைமானி தேவையே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு செ.மீ. கட்டத் தாளில், ஆளுக்கு ஒரு கட்டம் என்று பட்டைகளை வரைந்து கலர் அடித்து, நீள நீளமாக வெட்டச் சொன்னேன். நடைக்கு 17 செ.மீ. பட்டை, பஸ்ஸுக்கு ஒற்றைக் கட்டம். ஐந்தையும் முனையோடு முனை வைத்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டினால் 34 செ.மீ. நீள நாடா. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் கட்டம் மறைந்து ஆள் குறைந்துவிடும். இரண்டு குழுக்களுக்கு அப்படித்தான் ஆனது. ஒட்டி முடித்ததும் கட்டங்களை எண்ணச் சொன்னால் போதும், 33 என்று வந்ததும் அவர்களே பிரித்து மறுபடி ஒட்டிவிட்டார்கள். பிறகு நாடாவின் இரு முனைகளையும் சேர்த்தால் வளையம். அதை அப்படியே தாளில் வைத்தால் முட்டை வடிவமாகச் சாய்கிறது. அதனால் சுற்றளவு 34 செ.மீ. வரும்படி கவராயத்தில் 5.4 செ.மீ. வைத்து முதலில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் வளையத்தை நிறுத்தினோம். கலர் மாறுகிற ஐந்து இடங்களிலும் புள்ளி. புள்ளிகளிலிருந்து மையத்துக்குக் கோடு. வட்ட விளக்கப்படம் ஆயிற்று, ஒரு பாகைகூட அளக்காமல்.

நடக்கிறவர்களின் இரண்டு கோடுகளும் மையத்தில் சேர்ந்து ஒரே நேர்க்கோடாக நின்றன. "அக்கா, நம்மள்ல பாதிப் பேர் நடந்துதான் போறோம்!" என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு நாளாக அதே தரவைப் பட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பட்டையில் பாதி தெரியாது, மொத்தம் 34 எந்தப் பட்டையிலும் இல்லையே. வட்டத்தில் மொத்தம்தான் வட்டம். அதே சமயம் 4க்கும் 6க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வட்டத்தில் கேட்டால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், பட்டையில் சட்டென்று சொல்கிறார்கள். இரண்டு படமும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

இதை அறியாமல் போட்ட ஒரு கணக்குதான் என்னை எழுதவே வைத்தது. எந்தத் தாள் என்று சொல்லப் போவதில்லை. 'உங்கள் நண்பர்களின் வீடுகளில் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது எனக் கேட்டு, வட்ட விளக்கப்படம் வரைக' என்று இருந்தது. குழாய், அடிபம்பு, லாரி, கேன் என்று நான்கு வரிசை. வடசென்னையில் வளர்கிற பிள்ளையிடம் இதைக் கேட்டால் ஒரு பதில் வராது. புழங்குவதற்கு அடிபம்பு, குடிக்க கேன், குழாயில் வராத நாளில் லாரி. எங்கள் 34 பேரின் பதில்: குழாய் 19, அடிபம்பு 11, லாரி 8, கேன் 16.

பிள்ளைகள் உற்சாகமாக நாடா ஒட்டத் தொடங்கினார்கள். படிக்கட்டு வரைந்த அதே பெண்தான் கட்டங்களை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, 54 வருது. நம்ம 34 பேர்தானே?"

அவள் நிறுத்தாமல் இருந்திருந்தால் வட்டம் மூடியிருக்கும், பார்க்கவும் அழகாக இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்லியிருக்கும். கேன் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் 34இல் 16, கிட்டத்தட்டப் பாதி. 54 கட்ட வட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்குகூட வராது. குழாய்த் தண்ணீர் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது, வட்டத்தில் அது மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் நிற்கும். இந்த விளக்கப்படத்தை 1801இல் முதன்முதலில் அச்சிட்ட வில்லியம் பிளேஃபேர், துருக்கியப் பேரரசின் நிலம் ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று காட்டத்தான் வட்டத்தைக் கூறுபோட்டார். ஒரு துண்டு நிலம் இரண்டு கண்டங்களில் இருக்க முடியாது. ஒரு வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கலாம்.

அந்தத் தரவைப் பட்டையாக வரைந்தோம். தலைப்பில் '34 பிள்ளைகள், ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு' என்று சேர்த்துக்கொண்டோம். வட்டமும் வேண்டும் என்றார்கள். அதற்குக் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது: "குடிக்க, அதிகமா எந்தத் தண்ணி?" இப்போது ஆளுக்கு ஒரு பதில், 34 பதில்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஆய்வுக் கணக்கு கொடுக்கும்போது கேட்ட கேள்வி என்ன, எத்தனை பேரிடம் கேட்டது என்ற இரண்டையும் தாளில் அச்சிடுங்கள். ஒருவர் பல பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு வட்டம் கேட்காதீர்கள். ஒரு தாளிலாவது அச்சும் எண்ணும் இல்லாத வெறும் கட்டத்தை விடுங்கள். அரைப் பக்கம் போதும். 17 மாதிரி ஓர் எண்ணையும் கூடவே கொடுங்கள்.

அன்புடன்,
காசிமேட்டிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியை