பொருள்: ரிலே 'டிக்' என்கிறது, பம்ப் ஓடவில்லை (நான்காவது புகார்)

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலரில் பம்ப்பை ஆன் செய்யும் ஸ்விட்சான ரிலே மூன்று வாரமாக 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் போடுகிறது. அரை ஹெச்.பி. பம்ப் அசைவதே இல்லை. அல்சூரிலிருந்து பீன்யா சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாயிற்று. போனில் பேசியவர், "சத்தம் வருதுல்ல சார், அப்போ ரிலே நல்லாத்தான் இருக்கு, மோட்டார் போயிருக்கும், மாத்துங்க" என்று சொல்லி லைனைத் துண்டித்தார். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டுமா?

அந்தச் சத்தம் ரிலேக்குள் இருக்கும் 5 வோல்ட் காயில், ஆர்மேச்சர் என்ற இரும்புத் தகட்டை இழுப்பதால் வருவது. 230 வோல்ட் போகும் கான்டாக்ட் வேறு. ஆர்மேச்சர் நகர்ந்தாலும், கருகிய கான்டாக்ட் வழியே கரன்ட் போகாது.

சோதித்த விதம் இது. பம்ப் இணைப்பில் இருக்க, மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட்டில் வைத்து, ரிலேயின் கான்டாக்ட் முனைகளான 'காம்', 'என்.ஓ.' இரண்டுக்கும் குறுக்கே பிடித்தோம். ரிலே ஆஃப்: 228 வோல்ட். இதிலேயே லைன், நியூட்ரல், மோட்டார் வழியாகப் போகும் சுற்று அறுபடவில்லை என்று தெரிகிறது. அறுந்திருந்தால் மீட்டர் 228 காட்டாது. ரிலே ஆன், 'டிக்' கேட்டது: அப்போதும் 228. கான்டாக்ட் சேர்ந்திருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ லூஸோ என்ற சந்தேகத்தில் போர்டின் அடியில் ரிலே கால்களிலேயே பிடித்துப் பார்த்தோம், அதே 228. மெயின்ஸைக் கழற்றி, பம்ப் ஒயரைப் பிரித்து, 5 வோல்ட் மட்டும் கொடுத்து கன்டினியூட்டி பார்த்தபோது பீப் வரவே இல்லை. கன்ட்ரோலரை விட்டுவிட்டு ஸ்விட்ச் வழியாக நேராகக் கொடுத்தால் பம்ப் ஜம்மென்று ஓடுகிறது. இதற்குத்தான் மோட்டாரை மாற்றச் சொன்னாரா அந்த மகானுபாவர்?

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நீல ரிலேயில் அச்சிட்டிருப்பது 10 ஆம்பியர். அது பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கான கணக்கு. அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 3, 4 ஆம்பியர்தான் எடுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் பொறி பறந்து கான்டாக்ட் குழி விழுந்து கருகும். பெட்டியிலோ '1 ஹெச்.பி. வரை' என்று போட்டிருக்கிறீர்கள்! மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரை வைத்து, ரிலே அதன் காயிலை மட்டும் இயக்க, மோட்டார் கரன்ட் கான்டாக்டர் வழியாகப் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

டேங்கர் தண்ணிக்கே என் சொத்தில் பாதி போய்விட்டது. தயவுசெய்து, கான்டாக்டர் உள்ள மாடலை ஏழு நாளில் மாற்றிக் கொடுங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்புங்கள். அதே ரிலேயை மறுபடி சால்டர் பண்ணி அனுப்பினால் வாங்க மாட்டேன். எட்டாம் நாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போகும், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்தப் போன் ஆசாமி ஒரு மன்னிப்பு கேட்டாலும் நல்லது.

இப்படிக்கு,
பில் நகலுடன்,
அல்சூர் வாடிக்கையாளர், பெங்களூரு