கடன் பத்திரங்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு மடல்

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடன் ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதித் தருபவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் என் பெரியம்மா, புது மெஷின்கள் வாங்க ஐந்து இலட்சம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். கையெழுத்திடுவதற்கு முன் பத்திரத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். தமிழிலேயே இருந்த பத்திரத்தை நான் மறுபடியும் தமிழாக்க வேண்டியிருந்தது.

முதலில் 'பிணை' என்ற தலைப்பு. "நான் என்ன குற்றம் செய்தனான், பிணை எடுக்க?" என்றார். சிரித்துவிட்டுக் கீழே பார்த்தால், அங்கே கேட்டிருந்தது வீட்டு உறுதியை. 'வீட்டை ஈடு வைக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தால் அவருக்கு உடனே விளங்கியிருக்கும். பிணைக்குக் கையெழுத்துப் போடும் ஆளும், ஈடாகப் போகும் வீடும் ஒரே சொல்லுக்குள் இருக்கக் கூடாது. 'தவணை'யும் அப்படித்தான். எங்கள் வீட்டில் தவணை கேட்பது என்றால் கட்ட இன்னும் கொஞ்ச நாள் கேட்பது. 'மாதக் கட்டுப்பணம்' என்றால் குழப்பமில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது 'நிலையான வட்டி வீதம் 12%' என்ற வரி. பெரியம்மா, வட்டி இடையில் ஏறாது, நல்லதுதானே என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் அட்டவணையைப் பார்த்தேன். மாதம் 25,833 ரூபாய், 24 மாதம். பெருக்கினால் கிட்டத்தட்ட 6,20,000. வட்டி மட்டும் 1,20,000.

அதாவது, ஒவ்வொரு மாதமும் முழு ஐந்து இலட்சத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். கடைசி மாதம் கடனில் மிஞ்சியிருப்பது 20,833 ரூபாய். அதற்கும் 5,000 ரூபாய் வட்டி! அதே 12 சதவீதத்தை மீதிக் கடனுக்கு மட்டும் கணக்கிட்டால் மாதம் 23,537 ரூபாய்தான் வரும், மொத்த வட்டி 65,000க்குள் அடங்கும். பெரியம்மாவின் பத்திரத்தை அந்தக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்தையும் தாண்டுகிறது.

வீதம் மாறாது என்பது ஒன்று, முதல் குறைந்தாலும் வட்டி குறையாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் 'நிலையான' என்று போட்டால் வாசிப்பவர் தனக்குப் பிடித்த அர்த்தத்தைத்தான் எடுப்பார். 'முழுத் தொகைக்கும் வட்டி', 'மீதித் தொகைக்கு வட்டி' என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், சரி, பத்திரத்தில் இடமா இல்லை?

அதற்குப் பக்கத்திலேயே மொத்தமாகக் கட்டப்போகும் ரூபாயையும் போடுங்கள். பெரியம்மா கல்குலேட்டரில் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் 6,20,000 என்றால் எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்.

பத்திரம் இன்னும் தையல் மேசையில்தான் கிடக்கிறது. மீதித் தொகைக்கு வட்டி போடும் இடம் இருக்கிறதா என்று வேறு இரண்டு கிளைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அவரது பெறாமகன்