விடுப்புக் கேட்பவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்காதீர்கள்

தனியார் நிறுவனங்களின் மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கருச்சிதைவுக்குப் பிறகு விடுப்புக் கேட்கும் பெண்ணிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது பற்றி எழுதுகிறேன்.

காய்ச்சல் என்றால் 'உடல்நலமில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். இங்கே அப்படி மழுப்பினால் நட்டம் அவளுக்குத்தான். கரு கலைந்த நாளை அடுத்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் தொட்டு வரும் உரிமை. அதைத் தொடர்ந்து நோய் கண்டால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். சாதாரண மருத்துவ விடுப்பாகப் பதிவானால், கையிருப்பு நாள்கள் கரைந்து மீதிக்குச் சம்பளம் பிடிக்கப்படும். ஆகவே காரணத்தை ஒருவரிடமாவது சொல்லத்தான் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள். அவளுடைய குழுத் தலைவர் அல்ல.

என் தோழிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவச் சான்று கொடுத்த பிறகும் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார்கள். அவளும் அனுப்பினாள். இது எத்தனையாவது கர்ப்பம், முன்பு கலைந்ததுண்டா, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு என்ன என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அது அப்படியே குழுத் தலைவருக்கும் மின்னஞ்சலில் போனது. அவள் வேலைக்குத் திரும்பிய வாரமே பக்கத்து இருக்கைக்காரர், "இது இரண்டாவது தடவையாமே?" என்று விசாரித்தார். அனுதாபத்தோடுதான் கேட்டார். ஆனால் அம்மாவிடம்கூட அவள் சொல்லாத செய்தி அது.

உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கச் சான்று மட்டுமே: அவள் பெயர், நிகழ்ந்த தேதி, எந்த வகை விடுப்புக்குரியது, எதுவரை ஓய்வு, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும். ஐயம் எழுந்தால் பதிவு எண்ணைச் சரிபாருங்கள், அவளைக் குடையாதீர்கள். தானாகக் கலைந்ததா, மருத்துவரிடம் கலைத்துக்கொண்டதா என்ற கேள்வியும் வேண்டாம். சட்டம் இரண்டுக்கும் அதே ஆறு வாரத்தைத்தான் தருகிறது. கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் விவரத்தைச் சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவரிடமும் வெளியிடக் கூடாது என்று மருத்துவருக்கே தடை இருக்கிறது.

குழுத் தலைவருக்கு இவ்வளவு போதும்: "மருத்துவக் காரணத்தால் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பில் இருப்பேன். சான்று மனிதவளத் துறையிடம் உள்ளது. என் பணியை இன்னார் பார்த்துக்கொள்வார்." வேலையைப் பங்கிட அவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. "என்ன ஆயிற்று?" என்று அவர் மேலும் துருவினால், தடுத்து நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். படுத்திருப்பவளை அந்தப் பதிலுக்கும் அலைக்கழிக்காதீர்கள்.

உங்கள் விடுப்புச் செயலியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதுவது குழுவின் நாள்காட்டியில் எல்லோருக்கும் தெரிகிறதென்றால், அங்கே 'விடுப்பு' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும்படி மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்த டிஸ்சார்ஜ் சம்மரிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்து, மின்னஞ்சலில் உள்ள நகல்களையும் அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் பெண்