கவிதாவின் ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதமும், மாப்பிள்ளை அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட் படமும் கிடைத்தன. கர்ப்பமாக இருக்கும் உன் மகள் கவிதாவுக்கு ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது என்பதே எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நான் ஸ்கேன் அறையை விட்டு வந்துவிட்டேன் என்று போன முறை எழுதியிருந்தேன் இல்லையா? வலது தோள் இன்னும் வலிக்கிறது. வருஷக்கணக்காகக் கையை நீட்டி, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ப்ரோபை அழுத்திப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இருக்கிற வலிதான். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதோடு சரி.

நீ கோடு போட்டுக் காட்டிய இரண்டு வரிகளுக்கு வருகிறேன். ஒன்று, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய்கள் குழந்தை கிடந்த நிலையால் சரியாகப் பார்க்க முடியவில்லை, மறுபடி பார்க்கவும் என்பது. இன்னொன்று, இடது சிறுநீரகத்தில் லேசான விரிவு, 5.2 மில்லிமீட்டர் என்பது. இரண்டையும் ஒரே பயத்தோடு படித்திருக்கிறாய். முதல் வரி பார்க்க முடியாததைப் பற்றியது. இரண்டாவது, பார்த்தாகிவிட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதது. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

முதலில் இதயம். இந்த ஸ்கேனை 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வதற்கு முக்கியக் காரணமே, உறுப்புகள் பார்க்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும், எலும்புகள் இன்னும் படத்தை மறைக்கிற அளவுக்குக் கெட்டியாகியிருக்காது என்பதுதான். ஸ்கேன் செய்பவர் ப்ரோபை வைத்ததும் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்துக் குழந்தையின் இடது வலதை முடிவுசெய்துகொள்வார். இதயமும் இரைப்பையும் ஒரே பக்கம், இடது பக்கம், இருக்க வேண்டும். அப்புறம் நான்கு அறைகள். அதைக் காண்பது ஓரளவு சுலபம். கஷ்டம் அதற்குமேல்தான். இடது கீழறையிலிருந்து மகாதமனியும், வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் கிளம்பி ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போக வேண்டும். அந்தக் குறுக்கு தெரிகிறதா என்று ப்ரோபைத் துளித்துளியாகச் சாய்த்துத் தேட வேண்டும். சில குழந்தைகளுக்கு இந்த இரண்டு குழாய்களும் இடம் மாறி, பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடும். அப்போதுகூட நான்கு அறைகளும் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். அதனால்தான் நான்கு அறை தெரிந்தது போதும் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. பிறந்தவுடன் சிகிச்சை தேவைப்படும் குறை அது. முன்கூட்டித் தெரிந்தால் எங்கே பிரசவம் என்பதே மாறும்.

கவிதாவின் குழந்தை முதுகை மேலே காட்டிக் கிடந்திருக்கிறது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒலி அலையைத் தடுத்து இதயத்தின் மேல் கருப்பு நிழலை விழவைக்கும். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் அந்த நிழலுக்குள் பார்க்க முடியாது. எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்வோம், ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். குழந்தை திரும்பினால் சரி, இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதி அனுப்பாமல் இப்படி எழுதியிருக்கிறாரே, அந்தப் பெண்ணை நீ குறை சொல்லாதே. "முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை" என்று எழுதியிருந்தாய். குழந்தை அசைவதற்குள் அந்த ஒரு படத்தை நிறுத்தி அளக்க வேண்டும், அந்த நேரத்தில் யாருக்கும் பேச வராது. எனக்கும் வராது.

ஆக முதல் வரிக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொன்ன தேதியில் மறு ஸ்கேனுக்குப் போவது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போதும் தெரியவில்லை என்றாலோ, குறுக்கு சந்தேகமாக இருந்தாலோ, குழந்தையின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோவுக்கு அனுப்புவார்கள்.

இப்போது சிறுநீரகம். உன் சம்பந்தி அம்மா "கிட்னி ஃபெயிலியரா" என்று கேட்டார்களாமே. இல்லவே இல்லை.

சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீர் நடுவில் ஒரு புனல்போன்ற இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அந்தப் புனலைத்தான் ரிப்போர்ட்டில் ரீனல் பெல்விஸ் என்று போட்டிருக்கிறார்கள். குழந்தையின் வயிற்றைக் குறுக்காக வெட்டினாற்போல ஒரு படம் எடுத்தால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சிறுநீரகங்கள் உருண்டையாகத் தெரியும், அவற்றின் நடுவில் சிறுநீர் நிற்கும் இடம் கருப்பாக இருக்கும். அந்தக் கருப்பு இடத்தை முன்னிருந்து பின்னாக அளந்தால் வருவதுதான் கவிதாவின் 5.2. பல துறை மருத்துவர்கள் சேர்ந்து 2014-ல் வகுத்த கணக்கின்படி, 28 வாரத்துக்கு முன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இயல்பு. 4 முதல் 7-க்குள் என்றால், கூடவே வேறு எதுவும் இல்லாதவரை, ஆபத்துக் குறைந்த வகை. 7-ம் அதற்கு மேலும் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கவிதா இருப்பது நடு வகையில், அதிலும் கீழ்ப்பாதியில்.

இந்த அளவு கல்லில் செதுக்கினதல்ல. குழந்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது மேலே கொஞ்சம் தேங்கும், காலியானதும் குறையும். வயிற்றுக்குள் அந்தப் பை அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிரம்பிக் காலியாகும், ஸ்கேன் நடக்கும்போதே பார்க்கலாம். அதனால் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய மாட்டோம், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புனலிலிருந்து பிரியும் கிளைகளும் வீங்கியிருக்கின்றனவா? சிறுநீரகத்தின் சதை மெலிந்திருக்கிறதா, அதில் நீர்க்கட்டிகள் தெரிகின்றனவா? கீழே இறங்கும் குழாய் கண்ணுக்குத் தெரிகிறதா? சாதாரணமாக அது தெரியவே தெரியாது, தெரிந்தால் அது விரிந்திருக்கிறது என்று பொருள். சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கிறதா, அது காலியாகிறதா? கடைசியாகப் பனிக்குட நீர். 16 வாரத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான், அதனால் நீர் போதுமான அளவு இருந்தால் ஒரு சிறுநீரகமாவது வேலை செய்கிறது, அதன் வழியும் திறந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கவிதாவின் ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கத்தைப் பார். வலது சிறுநீரகம் இயல்பு, கிளைகள் விரியவில்லை, சிறுநீர்ப்பை இயல்பு, அதன் இரண்டு பக்கமும் தொப்புள்கொடியின் இரண்டு தமனிகளும் தெரிந்தன, நீரின் அளவு இயல்பு. இந்த வரிகளுக்கு நீ கோடு போடவில்லை. எனக்கு 5.2-ஐ விட இவைதான் முக்கியம். இரண்டு சிறுநீரகமும் வீங்கி, சிறுநீர்ப்பை பெரிதாகிக் காலியாகாமல், நீரும் குறைந்திருந்தால் அது வேறு கதை. ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதையில் சவ்வு அடைத்துக்கொள்ளும் குறையாக இருக்கலாம், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம்.

அப்படியானால் இந்த லேசான விரிவுக்கு என்னதான் காரணம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை, பிரசவத்துக்கு முன்போ பிறந்து கொஞ்ச காலத்திலோ தானாகச் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்குப் புனலும் குழாயும் சேரும் இடம் குறுகலாக இருக்கும், சிலருக்குச் சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறும். எது என்று இந்த மாதத்தில் ஸ்கேனில் சொல்ல வழியில்லை. காலம் போகப்போக அளவு கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் பதில் தரும். அதனால் 32 வாரத்துக்குப் பிறகு இன்னொரு ஸ்கேன். அந்த மாதத்தில் அளவுகோல் மாறும் என்பதை நினைவில் வை: 7-க்குக் கீழே இயல்பு, 7 முதல் 10-க்குள் லேசானது, 10-ஐத் தொட்டால் குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது 6 என்று வந்தால், "5.2 இருந்தது 6 ஆகிவிட்டதே" என்று என்னைக் கூப்பிட்டு அழாதே. அது இயல்பு.

மாப்பிள்ளை எங்கேயோ படித்துவிட்டு டவுன் சிண்ட்ரோமா என்று கேட்டிருந்தார். ஒருகாலத்தில் இந்த மாதிரிச் சின்ன அடையாளங்களைப் பார்த்தாலே பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கச் சொல்லும் பழக்கம் இருந்தது. இது தனியாக, வேறு எந்தக் குறையும் இல்லாமல் இருந்தால் அந்த வாய்ப்பை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. கவிதாவுக்கு மூன்றாம் மாதத்தில் குழந்தையின் கழுத்துப் பின்புற அளவும் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்து வாய்ப்புக் குறைவு என்று வந்திருக்கிறது. அது அப்படியே நிற்கிறது, ஊசி போட்டு நீர் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பரிசோதனை செய்யாதவர்களாக இருந்தால், தாயின் இரத்தத்தை வைத்தே பார்க்கும் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்லியிருப்பேன்.

பிறந்த பிறகு ஒரு விஷயத்தில் நீதான் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அமளியில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிறந்த அன்றே யாராவது ஸ்கேன் செய்து "எல்லாம் நார்மல்" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதே. முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே உண்டாகும், விரிந்த இடமும் சுருங்கித் தெரியும். 48 மணி நேரம் கழிந்து, ஒரு மாதத்துக்குள் ஒருமுறை, அப்புறம் சில மாதங்கள் விட்டு இன்னொருமுறை பார்க்க வேண்டும். இடையில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், இந்த ரிப்போர்ட்டைக் காட்டிச் சிறுநீரைச் சோதிக்கச் சொல். சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. மறு ஸ்கேனில் இதயமும் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் எல்லாக் குறைகளையும் இந்த ஸ்கேன் பிடித்துவிடாது. உதடு தெரியும், உள்ளே அண்ணம் பல சமயம் தெரியாது. இதயத்தில் சின்ன ஓட்டைகள் தப்பிவிடும். காது கேட்குமா என்பதெல்லாம் படத்தில் வராது. இதைக் கவிதாவிடம் இப்போது சொல்ல வேண்டுமா என்பதை நீயே முடிவுசெய், அவளை உனக்குத்தான் தெரியும்.

மறு ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் அனுப்பச் சொல். போன முறை மாப்பிள்ளை குழந்தையின் முகம் இருக்கிற பக்கத்தை மட்டும் மூன்று தடவை அனுப்பியிருந்தார், அளவுகள் இருந்த பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
வசந்தா