வாய்க்கால் தூர்வாரும் ஊர்க்குழுக்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜூன் 12 மேட்டூர் திறப்பை மனதில் வைத்து வேலையைத் தொடங்கும் நேரத்தில்தான் புரவலரிடமிருந்து ஃபோன் வரும்: "அந்த ரெண்டு கிளை வாய்க்காலையும் சேத்து வாரிடுங்க தம்பி. காசும் தேதியும் அதேதான்." உடனே தலையாட்டவும் வேண்டாம், முடியாது என்று முறிக்கவும் வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் வாங்கி, ஒரே தாளில் மூன்று வழிகளை எழுதிக் கொடுங்கள்.

அதற்கு முன் எதற்காகக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். கிளையில் தண்ணீர் ஏறவில்லை என்பதுதான் குறை என்றால், சில இடங்களில் துருப்பிடித்த மதகு ஷட்டரைச் சரிசெய்தாலே போதும்.

ஒரு கணக்கு போடுவோம். 6 கி.மீ. வாய்க்கால், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் மண்: 9,000 கன மீட்டர். ஹிட்டாச்சி மணிக்கு 50 கன மீட்டர் வாரினால் 180 மணி நேரம், நாளுக்கு 8 மணி வீதம் 23 நாள். மணிக்கு ₹2,000 என்றால் ₹3.6 லட்சம். கிளைகள் 2 கி.மீ., 2,000 கன மீட்டர்தான். ஆனால் கரையில் வண்டி நிற்க இடம் குறைவு, மணிக்கு 40 கன மீட்டர்தான் வாரும். ஆக 50 மணி நேரம், ₹1 லட்சம் கூடுதல்.

முதல் வழி, காசும் தேதியும் மாறாது, வேலை இடம் மாறும். கிளைகளை வாரி, பெரிய வாய்க்காலில் ஏறக்குறைய 1.7 கி.மீ. விட வேண்டும். எதை விடுவது என்பதைக் குச்சி விட்டு அளந்து சொல்லுங்கள். மண் குறைந்த பகுதியை விட்டால் பாதிப்பு குறைவு, ஆனால் அதே 50 மணியை மிச்சம் பிடிக்க இன்னும் நீளமாக விட வேண்டிவரும். கடைமடையைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, தேதி மாறாமல் எல்லா வேலையும். ₹1 லட்சமும் இரண்டாவது வண்டியின் டிரெய்லர் வாடகையும் வேண்டும். அந்த வண்டியோடு நிற்க ஓர் ஆளும் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அள்ளிய மண் கரை விளிம்பிலேயே குவியும், ஐப்பசி மழையில் திரும்ப உள்ளே சரியும்.

மூன்றாவது, பெரிய வாய்க்கால் இப்போது. கிளைகள், ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் மூடி, சம்பா அறுவடையும் முடிந்த பிறகு, அடுத்த ஆண்டுப் பணத்தில். கிளைப் பாசன வயல்களுக்கு இந்தக் குறுவை பம்புசெட்டை நம்பித்தான்.

தாளில் ஏறக் கூடாத நாலாவது வழி ஒன்று உண்டு: எல்லா இடத்திலும் மேலாகச் சுரண்டுவது. 230 மணி வேலையை 180-க்குள் அடைத்தால் அரை மீட்டர் ஆழம் 39 செ.மீ. ஆகும். ஆங்காங்கே மேடு நிற்கும், அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். 8 கி.மீ. வாரியதாகக் கணக்கு இருக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வராது.

மூன்றில் எதை அவர் தேர்ந்தாலும் நீங்கள் செய்யத் தயாராக இருக்க வேண்டும். பேருக்கு எழுதிய வழியைத்தான் அவர் பிடித்துக்கொள்வார். உங்கள் பரிந்துரையையும் காரணத்தோடு ஒரு வரியில் எழுதுங்கள். மே 18-ல் வண்டி இறங்குகிறதென்றால் தாளின் அடியில் இப்படிப் போடுங்கள்: "மே 20 மாலைக்குள் பதில் வராவிட்டால் பழைய திட்டப்படியே 6 கி.மீ. நடக்கும்."

அன்புடன்,
டெல்டா வாய்க்கால் பணிகளைக் கவனிக்கும் பொறியாளர்கள் சிலர்