படித்துவிட்டு வருகிறார்களா?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாடத்தை வீட்டிலேயே படித்துவரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கணக்குகளுக்கென ஒதுக்கியும், பாதிப் பேர் படிக்காமல் வந்ததால் கடைசியில் நீயே எல்லாவற்றையும் நடத்தி முடித்ததாக எழுதியிருந்தாய். முதலாண்டில் எனக்கும் அதுவே நேர்ந்தது. ஆசிரியர் எப்படியும் நடத்திவிடுவார் என்று தெரிந்த பின் யார்தான் படித்துவருவார்கள்?

அதனால்தான் வகுப்புக்கு முன் இணையவழியில் ஒரு சிறுதேர்வு வைக்கத் தொடங்கினேன். முதலில் சறுக்கியது கேள்வியில். 'நியூட்டனின் மூன்றாம் விதியைக் கூறுக' என்றேன். எல்லோருக்கும் முழு மதிப்பெண். என் குறிப்பில் நானே செய்திருந்த எழுத்துப்பிழை பலருடைய விடைகளிலும் அப்படியே இருந்ததைக் கண்டபோதுதான், தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது உறைத்தது.

இப்போது மூன்றே கேள்விகள். முதலாவது, பாடத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டைப் பற்றியது. படித்தவருக்கு ஒரு நிமிட வேலை. மூன்றாவது, 'எந்த இடம் புரியவில்லை?' என்பது. நடுவிலுள்ளதே முக்கியமானது: மேசைமேல் உள்ள புத்தகத்தைப் புவி கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது, இவ்விரண்டும் மூன்றாம் விதி சொல்லும் இணையா, ஏன்? நாற்பது பேரில் இருபத்தாறு பேர், அளவு சமம், திசை எதிர், ஆகவே இணைதான் என்று எழுதியிருந்தார்கள். இரு விசைகளும் ஒரே புத்தகத்தின்மீதே செயல்படுவதையும், புவியின் இழுப்புக்கு இணை புத்தகம் புவியை இழுப்பதே என்பதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் விதியை நான் மீண்டும் விளக்கவில்லை. பெயர் சொல்லாமல் அவர்களுடைய விடைகளில் இரண்டைப் படித்துக்காட்டி, அந்த மேசை மேல்நோக்கி முடுக்கமடையும் மின்தூக்கியில் இருந்தால் அவ்விரு விசைகளும் சமமாக இருக்குமா என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மேசையின் விசை கூடிவிடும், மூன்றாம் விதியின் இணையோ எப்போதும் சமமாகவே இருக்கும் என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் தாமாகவே வந்துசேர்ந்தார்கள்.

இதற்கெல்லாம் தேர்வு முந்தைய இரவு எட்டு மணிக்கே முடிந்துவிட வேண்டும். வகுப்பு தொடங்கும்வரை திறந்துவைத்த நாள்களில் விடைகளைப் படிக்க எனக்கு நேரமே இருந்ததில்லை. இது என் கண்டுபிடிப்பு அன்று. 1990களில் கிரெகர் நோவாக்கும் அவருடைய சகாக்களும் அமெரிக்க இயற்பியல் வகுப்புகளில் வளர்த்தெடுத்த முறை. மதிப்பெண் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான்; நடுக்கேள்விக்கு, விடை தவறானாலும் காரணம் எழுதியிருந்தால் முழுமையாகக் கொடுத்துவிடுகிறேன். சரியான விடைக்கு மட்டும் கொடுத்தபோது, ஒருவர் எழுதியதே பத்துப் பேரிடமிருந்து வந்தது.

இன்றும் நாலைந்து பேர் படிக்காமல்தான் வருகிறார்கள். அவர்களுக்காக நடத்துவதில்லை, முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைப் படித்துவிட்டு விவாதத்தில் சேர்ந்துகொள்கிறார்கள்.

உன் வகுப்பில் நூற்றிருபது பேர் என்றாய். அத்தனை விடைகளையும் ஓர் இரவில் படிக்க இயலாது. இருபதை மட்டும் கலந்து எடுத்துப் படித்தாலே பொதுவான பிழை பிடிபட்டுவிடும். அடுத்த பாடத்துக்கான நடுக்கேள்வியை எழுதி எனக்கு அனுப்பு. புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்